நாற்பது நிமிட வயதுள்ள முகவரி

2022 ஜூலை 20 அன்று, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஊழியர்களில் குறைந்தது 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் ஒரே மாதிரியான எஸ்எம்எஸ் வந்தது. சிலருக்குச் சொந்தக் கைபேசியில், சிலருக்கு அலுவலகக் கைபேசியில். சில ஊழியர்களின் வீட்டாருக்கும் வந்திருந்தது. உங்கள் பணி அட்டவணை மாறியிருக்கிறது, பார்க்க இந்த முகவரியைத் தட்டுங்கள் என்றது செய்தி. முகவரி cloudflare-okta.com. ஆக்டா என்பது அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் அன்றாடம் அலுவலகக் கணினி அமைப்புகளுக்குள் நுழையப் பயன்படுத்தும் சேவை. எனவே பெயரில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. தட்டினால் வந்த பக்கமும் அச்சு அசலாக ஆக்டாவின் பக்கம் போலவே இருந்தது.

அந்த முகவரியைப் பதிவு செய்து நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. தன் பெயரை ஒட்டி யாராவது புதிய இணைய முகவரி வாங்குகிறார்களா என்று பார்க்கும் ஏற்பாடு கிளவுட்ஃபிளேரிடம் இருந்தது. ஆனால் இது மிகப் புதிய பதிவு என்பதால், அந்தக் கண்காணிப்பில் சிக்குவதற்கு முன்பே செய்திகள் பறந்துவிட்டன.

போலிப் பக்கத்தின் வேலை எளிமையானது. ஊழியர் தட்டச்சு செய்யும் பெயரும் பாஸ்வேர்டும் அந்தக் கணமே டெலிகிராம் வழியாகத் திருடனுக்குப் போய்விடும். அவன் அவற்றை உண்மையான ஆக்டா பக்கத்தில் போடுவான். உண்மையான பக்கம் இரண்டாம் கட்டச் சோதனையாக ஒரு குறியீடு கேட்கும். அதே நேரத்தில் போலிப் பக்கமும் ஊழியரிடம் குறியீட்டைக் கேட்கும். ஊழியர் போடுவார். அது காலாவதியாகும் முன் திருடன் அதையும் உண்மையான பக்கத்தில் போட்டுவிடுவான்.

கிளவுட்ஃபிளேரில் மூன்று பேர் ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தில் மூன்று பேர். எனக்கு இதில் வியப்பில்லை. எழுபத்தாறு பேரில் மூவர் என்பது குறைவுதான். ஆனாலும் திருடனால் உள்ளே நுழைய முடியவில்லை. அந்த மூவரிடமும் தட்டச்சு செய்து கொடுப்பதற்கு எந்தக் குறியீடும் இல்லை. கிளவுட்ஃபிளேர் தன் ஊழியர் எல்லோருக்கும் யுஎஸ்பி துளையில் செருகும் செக்யூரிட்டி கீ ஒன்றைக் கொடுத்திருந்தது. இரண்டாம் கட்டச் சோதனை அந்தச் சாவியோடு மட்டும்தான்.

ஏறக்குறைய அதே நாட்களில் ட்விலியோ நிறுவனத்தின் ஊழியர்களுக்கும் இதே பாணியில் செய்திகள் போயின. அங்கே சிலர் ஏமாந்தார்கள். திருடர்கள் உள்ளே போய்விட்டார்கள். ஆகஸ்ட் 4-ஆம் தேதி நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தது. ட்விலியோவின் தொழில் என்ன தெரியுமா? மற்ற நிறுவனங்களின் சார்பில் வாடிக்கையாளர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது. சிக்னல் செயலி புதிய கைபேசியில் கணக்கைத் தொடங்கும்போது அனுப்பும் சரிபார்ப்புக் குறியீடும் ட்விலியோ வழியாகத்தான் போனது. உள்ளே புகுந்தவர்களுக்குச் சிக்னல் பயனர்கள் சுமார் 1,900 பேரின் எண்களோ குறியீடுகளோ தெரியும் நிலை ஏற்பட்டது. அவர்கள் மூன்று குறிப்பிட்ட எண்களைத் தேடிப் பார்த்ததாகவும், அதில் ஒருவர் தன் கணக்கு வேறொரு கருவியில் பதிவாகிவிட்டதாகப் புகார் செய்ததாகவும் சிக்னல் பிற்பாடு தெரிவித்தது. அந்த ஒருவர் எந்தப் போலிப் பக்கத்தையும் திறக்கவில்லை. தவறே செய்யாமல் கணக்கை இழந்தார்.

ஒரே தாக்குதலில் இரண்டு விதமான திருட்டு இருக்கிறது. ஒன்றில் குறியீடு வரும் வழியில் பறிபோகிறது. மற்றொன்றில் உரியவரே அதைத் தன் கையால் கொடுத்துவிடுகிறார். எஸ்எம்எஸ், ஆத்தென்டிகேட்டர் ஆப், சாவி மூன்றையும் ஒப்பிடும்போது இந்த இரண்டையும் தனித்தனியே கேட்டால்தான் விடை கிடைக்கும். எது பாதுகாப்பானது என்று பொதுவாகக் கேட்டால் குழப்பமே மிஞ்சும்.

எண் யாருடையது?

எஸ்எம்எஸ் குறியீடு நம் கைபேசிக்கு வருகிறது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது நம் எண்ணுக்கு வருகிறது. அந்த எண் இப்போது எந்த சிம் அட்டையோடு இணைந்திருக்கிறது என்பது தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் இருக்கும் ஒரு வரி. அந்த வரியை மாற்றினால் குறியீடும் வேறு கைபேசிக்குப் போகும்.

2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஸ்இசியின் எக்ஸ் கணக்கில் ஓர் அறிவிப்பு வந்தது. பிட்காயின் சார்ந்த பரிமாற்ற நிதிகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டோம் என்றது அது. பிட்காயின் விலை எகிறியது. சில நிமிடங்களில், கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள், அறிவிப்பு பொய் என்று அமைப்பின் தலைவர் மறுத்தார், விலை சரிந்தது. (வேடிக்கை என்னவென்றால், மறுநாளே எஸ்இசி உண்மையாகவே அந்த அனுமதியைக் கொடுத்தது.)

இதற்குக் கணினியை உடைக்கும் வித்தை எதுவும் தேவைப்படவில்லை. அமெரிக்க நீதித்துறையின் வழக்கு விவரப்படி, ஒருவர் போலி அடையாள அட்டை ஒன்றை அச்சடித்துக்கொண்டு அலபாமா மாநிலத்தில் உள்ள ஒரு கைபேசிக் கடைக்குப் போனார். அந்தக் கணக்கோடு இணைந்திருந்த எண்ணுக்கு மாற்று சிம் வாங்கினார். புதிதாக ஒரு ஐபோன் வாங்கி அதில் சிம்மைப் போட்டார். பாஸ்வேர்டை மாற்றுவதற்கான குறியீடு அந்த ஐபோனுக்கு வந்தது. அதைக் கூட்டாளிகளுக்குத் தெரிவித்துவிட்டார். அந்தக் கணக்கில் இரண்டாம் கட்டச் சோதனையே அப்போது இயங்கவில்லை. உள்நுழைவதில் சிரமம் இருப்பதாகச் சொல்லி 2023 ஜூலையில் எஸ்இசி ஊழியர்களே அதை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஆகவே எஸ்எம்எஸ் இங்கே இரண்டாவது பூட்டாக இல்லை. பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கான ஒரே சாவியாக இருந்தது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாற்று சிம் மோசடி நடப்பதை உரியவர் அறிந்துகொள்ள முக்கியமான அறிகுறி ஒன்று உண்டு. பக்கத்தில் இருப்பவர்களின் கைபேசியில் சிக்னல் இருக்க, நம் கைபேசியில் மட்டும் அது திடீரெனப் போய்விடும். ஆஃப் செய்து ஆன் செய்தாலும் வராது. வைஃபையில் இணையம் வேலை செய்துகொண்டே இருப்பதால் பலர் மணிக்கணக்கில் கவனிப்பதில்லை. சிம்முக்குப் பின் எண் போட்டு வைத்தால் இதைத் தடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தடுக்காது. சிம் அட்டையைத் திருடி வேறு கைபேசியில் போடுபவனைத்தான் அது நிறுத்தும். புது சிம் வாங்குபவனுக்கு நம் பழைய சிம்மின் பின் எண் எதற்கு? இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் டிராய் விதிப்படி, சிம்மை மாற்றிய ஏழு நாட்களுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்ய முடியாது. மாற்று சிம் எடுத்த கையோடு எண்ணையே வேறு நிறுவனத்துக்குக் கடத்திக்கொண்டு போகும் வழியை இது அடைக்கிறது. முதல் படியான மாற்று சிம்மை இது தடுப்பதில்லை.

சிம்மைத் தொடாமலும் செய்தியைத் திருப்பலாம். உலகத் தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் எஸ்எஸ்7 என்ற நெறிமுறை 1970-களில் உருவானது. தொடர்பில் இருப்பவர்கள் அனைவரும் நம்பத்தக்கவர்கள் என்ற அனுமானத்தில் அமைந்தது. இந்த எண் இப்போது என் வலையமைப்பில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் நம்புவார். 2017-இல் ஜெர்மனியில் ஓ2 நிறுவன வாடிக்கையாளர்களின் வங்கிக் குறியீடுகளை இந்த வழியில் திருப்பிப் பணம் எடுத்தார்கள். பாஸ்வேர்டுகளை அதற்கு முன்பே வேறு வழியில் திருடி வைத்திருந்தார்கள்.

இவ்வளவு சொன்னபிறகும் எஸ்எம்எஸ் குறியீட்டை வீண் என்று சொல்ல மாட்டேன். கூகுள் 2019-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கைபேசிக்கு வரும் எஸ்எம்எஸ் குறியீடு தானியங்கி நிரல்களின் முயற்சிகள் அனைத்தையும், மொத்தமாக வலைவீசும் மோசடிகளில் 96 சதவீதத்தையும் தடுத்திருந்தது. குறிப்பிட்ட ஒருவரையே குறிவைத்த தாக்குதல்களில் அது 76 சதவீதமாக இறங்கியது. வேறெங்கோ கசிந்த உங்கள் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கும் நிரலுக்கு எஸ்எம்எஸ் போதுமான தடை. உங்களைத் தேடி வருபவனுக்கு அது போதாது.

59-வது நொடி

ஆத்தென்டிகேட்டர் ஆப் முதல் விதத் திருட்டை ஒழிக்கிறது. குறியீடு பயணம் செய்வதால்தானே வழியில் பறிக்கிறார்கள்? பயணமே வேண்டாம், இரண்டு பக்கமும் தனித்தனியே கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வரட்டும் என்பதே இதன் யோசனை.

ஆப்பை இணைக்கும்போது திரையில் வரும் கியூஆர் கோடுக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது. பெரும்பாலும் 16 அல்லது 32 எழுத்துகள். அது உங்கள் கைபேசியிலும் அந்த நிறுவனத்தின் கணினியிலும் பதிவாகிவிடும். அதற்குப் பிறகு இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்த இன்னொன்று நேரம். கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணை 30-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டால் ஒரு முழு எண் கிடைக்கும். 30 நொடிக்கு ஒருமுறை அது ஒன்று கூடும்.

இந்த முறையை வரையறுத்து 2011-இல் வெளியான RFC 6238 ஆவணத்திலேயே சோதனைக்காக ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ரகசியம் 12345678901234567890 என்ற இருபது எழுத்துகள். நேரம் 59-வது நொடி. 59-ஐ 30-ஆல் வகுத்தால் ஈவு 1. இந்த 1-ஐயும் ரகசியத்தையும் எச்மேக் என்ற கலவைச் சூத்திரத்தில் போட்டால் இருபது பைட் நீளமான விடை வரும்:

```
75a48a19d4cbe100644e8ac1397eea747a2d33ab
```

இவ்வளவு நீளத்தை யாரும் தட்டச்சு செய்ய மாட்டார்கள். சுருக்க வேண்டும். கடைசி எழுத்தைப் பாருங்கள், b. பதினாறடிமான எண்ணில் அது 11. ஆகவே முதல் பதினோரு பைட்டுகளைத் தள்ளிவிட்டு அடுத்த நான்கை எடுக்கிறோம்: c1397eea. அதன் முதல் பிட்டைச் சுழியாக்கினால் 41397eea. நமக்குப் பழக்கமான பத்தடிமானத்தில் 1094287082. அதன் கடைசி ஆறு இலக்கங்கள் 287082. ஆப்பின் திரையில் தெரிவது இதுதான். லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்:

```
oathtool --totp -N "1970-01-01 00:00:59 UTC" 3132333435363738393031323334353637383930
```

ரகசியமும் கடிகாரமும் போதும் என்பதால் சிம் இல்லாத கைபேசியிலும், விமானத்தில் இணைப்பை அணைத்து வைத்திருக்கும்போதும் ஆப் வேலை செய்கிறது. கடிகாரம் தவறினால் மட்டும் குறியீடு ஏற்காது. கைபேசியின் நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருப்பவர்கள் திடீரென்று உள்ளே போக முடியாமல் தவிப்பது இதனால்தான். நேரத்தைத் தானியங்கி அமைப்புக்கு மாற்றியதும் சரியாகிவிடும்.

மாற்று சிம் வாங்குபவனுக்கும், எஸ்எஸ்7-ஐத் திருப்புபவனுக்கும், ட்விலியோவுக்குள் புகுந்தவனுக்கும் இதில் எதுவும் கிடைக்காது. முதல் விதத் திருட்டுக்கு இங்கே இடமே இல்லை.

ஆனால் ஜூலை 20 அன்று வந்த போலிப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் கேட்கவிருந்ததே இந்த ஆறு இலக்கத்தைத்தான். 30 நொடியில் காலாவதியாகிவிடும் என்பதைப் பெரிய பாதுகாப்பாகச் சொல்வார்கள். பல நிறுவனங்கள் முந்தைய குறியீட்டையும் சற்று நேரம் ஏற்கும். கடிகாரங்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதால் கொடுக்கும் சலுகை அது. அதைக் கழித்தாலும், ஆறு இலக்கத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்ற ஒரு நிரலுக்கு ஒரு நொடி போதும். 287082 என்ற எண்ணில் அது எந்தத் தளத்துக்காக உருவானது என்பது எங்கும் இல்லை. யார் கேட்டாலும் அது அதே எண்தான். இரண்டாம் விதத் திருட்டில் எஸ்எம்எஸ்ஸும் ஆப்பும் சமம் என்பதை ஆப்பைப் பரிந்துரைப்பவர்கள் பலர் சொல்வதில்லை.

ரகசியம் இரண்டு இடத்தில் இருப்பதும் ஒரு பலவீனம். 2023 ஏப்ரலில் கூகுள் ஆத்தென்டிகேட்டர் தன் ரகசியங்களைக் கூகுள் கணக்கில் சேமித்து வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. கைபேசி தொலைந்து எல்லாக் கணக்கும் பூட்டிக்கொண்டு அவதிப்பட்டவர்களுக்கு அது வரம். அதே ஆண்டு ஆகஸ்டில் ரீடூல் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி எஸ்எம்எஸ்ஸை நம்பிப் பாஸ்வேர்டும் குறியீடும் கொடுத்தார். பின் நிறுவனத்தின் ஐடி பிரிவு ஆள் போலப் பேசிய ஒருவனிடம் தொலைபேசியில் இன்னொரு குறியீட்டையும் சொன்னார். அந்தக் கூடுதல் குறியீட்டால் திருடன் தன் கருவியையே அவரது ஆக்டா கணக்கில் சேர்த்துக்கொண்டான். அதன் வழியே அவரது அலுவலகக் கூகுள் கணக்குக்குள் போனான். அங்கே ஆத்தென்டிகேட்டரின் ரகசியங்கள் அனைத்தும் சேமிப்பில் இருந்தன. ஊழியரிடம் இனி எதையும் கேட்க வேண்டியதில்லை. ரீடூலின் வாடிக்கையாளர்களில் 27 பேரின் கணக்குகள் பறிபோயின. ஒரு கைபேசிக்குள் இருக்கிறது என்று நிறுவனம் நினைத்துக்கொண்டிருந்த இரண்டாவது பூட்டு, பாஸ்வேர்டால் திறக்கும் கணக்குக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

சாவி என்ன கையெழுத்திடுகிறது?

செக்யூரிட்டி கீ பார்ப்பதற்கு பென்டிரைவ் போல இருக்கும். யூபிகீ, கூகுளின் டைட்டன் என்று பல தயாரிப்புகள் உண்டு. யுஎஸ்பியில் செருகலாம், சிலவற்றைக் கைபேசியின் முதுகில் வைத்தாலே போதும். அதில் திரை இல்லை, எண் இல்லை. எண் இல்லாததுதான் அதன் பலம்.

ஒரு தளத்தில் சாவியைப் பதிவு செய்யும்போது, அந்தத் தளத்துக்கென்றே இரண்டு எண்களின் ஜோடியை அது உருவாக்குகிறது. ஒன்று ரகசியம், சாவியை விட்டு வெளியே வராது. மற்றது பொது, அதைத் தளம் வைத்துக்கொள்கிறது. வங்கியில் கையெழுத்து மாதிரி அட்டை இருக்கிறது, கை நம்மிடம் இருக்கிறது, அதுபோலத்தான். தளத்தின் கணினியை யாராவது சூறையாடினாலும் கிடைப்பது மாதிரி அட்டைகள் மட்டுமே. ஆப்பைப் போல இரண்டு பக்கமும் ஒரே ரகசியம் இங்கே இல்லை.

அடுத்த முறை உள்ளே நுழையும்போது தளம் தற்செயலான ஒரு நீண்ட எண்ணை அனுப்பி, இதற்குக் கையெழுத்திட்டுக் காட்டு என்கிறது. பிரவுசர் அதை வாங்கி, கூடவே ஒரு வரியைச் சேர்த்துத்தான் சாவியிடம் கொண்டுபோகிறது. அந்தச் சேர்க்கை தோராயமாக இப்படி இருக்கும்:

```
{"type":"webauthn.get",
 "challenge":"...",
 "origin":"https://accounts.google.com"}
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். அந்த முகவரியைத் தளம் எழுதவில்லை, பயனரும் எழுதவில்லை. தான் இப்போது எந்தத் தளத்தோடு பேசிக்கொண்டிருக்கிறதோ அதைப் பிரவுசரே எழுதுகிறது. பக்கத்தில் என்ன சின்னம் வரைந்திருக்கிறது, என்ன நிறம் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டல்ல. நீங்கள் சாவியைத் தொட்டதும் அது இந்த மொத்தத்துக்கும் சேர்த்துக் கையெழுத்திடுகிறது.

இப்போது cloudflare-okta.com என்ற பக்கத்துக்கு இந்தச் சாவியோடு போவோம். போலிப் பக்கத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. உண்மையான ஆக்டா தளத்தின் பெயரில் கையெழுத்து வேண்டும் என்று அது கேட்கலாம். பிரவுசர் மறுத்துவிடும், ஒரு பக்கம் தன் சொந்த முகவரிக்கு உட்பட்ட பெயரில் மட்டுமே கேட்கலாம் என்பது விதி. சரி, தன் சொந்தப் பெயரிலேயே கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாவி தன்னிடம் அந்தப் பெயருக்கான ஜோடி எதுவும் இல்லை என்று சும்மா இருந்துவிடும். நாற்பது நிமிடத்துக்கு முன் பிறந்த முகவரிக்கு யார் பதிவு செய்திருக்கப் போகிறார்கள்? எப்படியோ ஒரு கையெழுத்தை வாங்கிவிட்டான் என்றாலும், உண்மையான தளம் அதைப் பிரித்துப் பார்க்கும்போது மூன்றாவது வரியில் போலி முகவரி நிற்கும். தளம் நிராகரித்துவிடும்.

அந்த மூன்று ஊழியர்கள் தாங்கள் ஏமாறுகிறோம் என்பதை உணர வேண்டிய தேவையே எழவில்லை. எஸ்எம்எஸ்ஸிலும் ஆப்பிலும் முகவரியைச் சரிபார்க்கும் பொறுப்பு மனிதருடையது: களைத்திருக்கும், அவசரத்தில் இருக்கும், சிறிய திரையில் பாதி முகவரியை மட்டும் பார்க்கும் மனிதர். சாவியில் அந்தப் பொறுப்பு மனிதரிடம் இல்லை. மேலே சொன்ன கூகுள் ஆய்வில், சாவியை மட்டுமே பயன்படுத்தியவர்களில் ஒருவர்கூடக் குறிவைத்த மோசடிக்குப் பலியாகவில்லை. ட்விலியோவும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தன் ஊழியர்களுக்குச் சாவிகளைக் கொடுத்தது.

சாவியைத் திருடினால்? முதலில் அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டும். சாவிக்கே ஒரு பின் எண் வைக்கலாம். எட்டு முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். 2024 செப்டம்பரில் யூபிகீ 5 வரிசையின் பழைய சாவிகளில் ஒரு குறை வெளியானது. உள்ளிருக்கும் இன்ஃபினியன் சில்லின் மின்காந்த அதிர்வுகளை அளந்து ரகசிய எண்ணை மீட்க முடியும் என்று காட்டினார்கள். அதற்குச் சாவியைக் கைப்பற்றி, உறையைப் பிரித்து, ஆயிரக்கணக்கான டாலர் கருவிகளை வைத்து அளக்க வேண்டும். செய்தித் தலைப்புகள் பெரிதாக வந்தன. சாதாரண வாசகர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

உண்மையான இரண்டு எல்லைகள் வேறு. ஒன்று, உள்ளே நுழைந்த பிறகு சாவிக்கு வேலை இல்லை. நுழைந்ததற்கு அடையாளமாகத் தளம் பிரவுசரில் ஒரு குக்கியை வைக்கிறது; கணினியில் புகுந்த வைரஸ் அதைத் திருடினால் திருடன் நுழைவாயிலுக்கே வருவதில்லை. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற புகழ்பெற்ற யூடியூப் சேனல் பறிபோனது இப்படித்தான். விளம்பர ஒப்பந்தம் போல வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், அவ்வளவுதான். இரண்டாவது எல்லை பக்கவாட்டுக் கதவுகள். அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பக்கவாட்டுக் கதவுகள்

நம் ஊர் வாசகருக்கு நடைமுறையில் எஞ்சும் கேள்வி, எந்தக் கணக்குக்கு எதை வைப்பது என்பது. வங்கியில் பெரும்பாலும் தேர்வே இல்லை. ஓடிபி எஸ்எம்எஸ்ஸில்தான் வரும். தேர்வு இருக்கும் இடம் மின்னஞ்சல். மற்றக் கணக்குகள் பலவற்றின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு அங்கேதான் வருகிறது என்பதால், ஒரே ஒரு கணக்குக்குச் சாவி வாங்குவதென்றால் அதற்கே வாங்க வேண்டும்.

வாங்கினால் இரண்டாக வாங்க வேண்டும். ஒரு சாவி சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, எனவே இது எளிதாகச் சொல்லக்கூடிய அறிவுரை அல்ல. ஆனால் சாவியை நகலெடுக்க முடியாது. ஒன்று தொலைந்தால் அடுத்தது ஏற்கெனவே பதிவாகியிருந்தால்தான் உதவும். இரண்டையும் ஒரே அமர்வில் பதிவு செய்துவிட்டு, ஒன்றைச் சாவிக்கொத்திலும் மற்றதை வீட்டுப் பத்திரங்களோடும் வைக்கலாம். கூகுள் கொடுக்கும் பத்து பேக்கப் குறியீடுகளை அச்சடித்து அதே இடத்தில் வைத்துவிட்டால் மூன்றாவது வழியும் ஆயிற்று.

செலவு முடியாது என்றால் பாஸ்கீ இருக்கிறது. கைரேகையால் திறக்கும் நம் கைபேசியே சாவியின் வேலையைச் செய்யும் ஏற்பாடு அது. பிரவுசர் முகவரியை எழுதும் அதே முறைதான் இங்கேயும், ஆகவே போலிப் பக்கத்துக்கு அதே தோல்விதான். ஒரு வேறுபாடு உண்டு: பாஸ்கீகள் பொதுவாகக் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் சேமிக்கப்பட்டு நம் மற்றக் கருவிகளுக்கும் போகின்றன. ஆகவே அந்தக் கணக்கின் மீட்பு வழிகள் எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் பாஸ்கீயின் உறுதியும். ரீடூல் கதையை இங்கே மறக்க வேண்டாம்.

சாவியோ பாஸ்கீயோ சேர்த்த பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சேர்த்ததால் பழைய வழிகள் தாமாக நீங்குவதில்லை. கைபேசி எண் இரண்டாம் கட்டச் சோதனைப் பட்டியலில் அப்படியே இருக்கும். திருடன் சாவி கேட்கும் இடத்தில் "Try another way" என்பதைத் தட்டுவான். எஸ்எம்எஸ் அனுப்பட்டுமா என்று கூகுளே கேட்கும். கெட்டிக்காரத்தனமான போலிப் பக்கங்கள் சாவியைப் பற்றிப் பேசவே பேசாது. நேரே எஸ்எம்எஸ் குறியீட்டைக் கேட்கும், பழக்கத்தில் நாமும் கொடுத்துவிடுவோம். எஸ்இசியின் கணக்கு போனதும் இத்தகைய கதவால்தான். அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை, பாஸ்வேர்டை மறந்தவருக்கான வழியில் வந்தார்கள்.

கூகுள் கணக்கில் இந்தக் கதவு இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டாம் கட்டச் சோதனைக்கான கைபேசி எண் ஒரு பக்கத்தில். கணக்கை மீட்பதற்கான எண் வேறொரு பக்கத்தில். ஒன்றை நீக்கினால் மற்றது போகாது. பத்திரிகையாளர்களும் தேர்தல் பணியாளர்களும் போல அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்காக 2017-இல் தொடங்கிய Advanced Protection திட்டத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேரலாம். அதில் சேர்ந்தால் எஸ்எம்எஸ், ஆப் இரண்டையும் கூகுள் ஏற்காது. கணக்கை மீட்கவும் நாட்கணக்கில் காத்திருக்க நேரலாம். இரண்டு சாவியும் தொலைந்தவருக்கு அந்தக் காத்திருப்பு கொடுமையாக இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் பத்திரங்களோடு இருக்கும் அந்த இரண்டாவது சாவி.

எல்லாம் செய்து முடித்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ சாளரம் ஒன்றைத் திறந்து, உங்கள் கணக்கின் பெயரைப் போட்டு, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்பதைத் தட்டுங்கள். வரும் ஒவ்வொரு கேள்விக்கும் "Try another way" என்றே சொல்லிக்கொண்டு போங்கள். கணக்கு உங்களுக்கு எந்தெந்தக் கதவுகளைக் காட்டுகிறதோ அதே கதவுகளைத்தான் திருடனுக்கும் காட்டும். பழைய அலுவலகத்தின் மின்னஞ்சல், தம்பி பெயரில் வாங்கிய சிம்மின் எண், எப்போதோ கொடுத்துவிட்டு மறந்துபோன டேப்லெட் என்று ஏதாவது ஒன்று அந்தப் பட்டியலில் எட்டிப் பார்க்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து போங்கள்.